சனி, ஞாயிறுக்குள் ரஷ்ய எழுத்து: எந்த வழியில் போவது?

என் தங்கை மகள் மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை விமானம். விசா, சான்றிதழ்கள், குளிருக்குக் கோட்டு என்று வீடே அலைந்ததில் எழுத்தைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வந்தது. "மாமா, பாடமெல்லாம் இங்கிலீஷ்லதானாம். ஆனா கடை போர்டு, பஸ் போர்டு எல்லாம் அவங்க எழுத்துலதான் இருக்குமாமே. ரெண்டு நாள்ல கத்துக்க முடியுமா?"

முடியும். ரஷ்யர்கள் எழுதுவது சிரிலிக் எழுத்தில். அதைப் பல மொழிகள் பயன்படுத்துகின்றன. ரஷ்ய மொழியில் இருப்பது 33 எழுத்து. ஆனால் அந்த இரண்டு நாளை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஞாயிறு மாலை போர்டு படிக்க வருமா, வெறும் எழுத்து வரிசை மட்டும் ஒப்பிக்க வருமா என்பது தெரியும். நான் பல வருடங்களுக்கு முன் ஒரு வேலையாக மாஸ்கோ போவதற்கு முன்னால் ஒரு வழியில் முயன்று நன்றாகத் தோற்றவன். அவளுக்குச் சொன்னது வேறு வழி.

நான் போனது அகரவரிசை வழி. А, Б, В, Г, Д என்று முதலிலிருந்து ஆரம்பித்து Я வரைக்கும் மனப்பாடம். ரஷ்யக் குழந்தைகளுக்கான படம் போட்ட அரிச்சுவடி இந்த வரிசையில்தான் இருக்கும், அதில் А-வுக்குத் தர்பூசணி வரைந்திருக்கும். குழந்தைக்கு அது சரி, ஏனென்றால் அதன் தலைக்குள் வேறு எழுத்து இல்லை. நம் தலைக்குள் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. வரிசைப்படி போனால் ஏமாற்றும் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சிதறி வருகின்றன: மூன்றாவது В, ஆறாவது Е, பதினைந்தாவது Н, பதினெட்டாவது Р. ஒன்றுக்கு எச்சரிக்கையாக இருக்கப் பழகுவதற்குள் இடையில் எட்டு எழுத்து வந்து அதை மறக்கடித்துவிடும். முதல் நாள் முடிவில் பாதி வரிசை தெரியும். ஆனால் С, Т இரண்டும் இரண்டாம் நாளுக்குப் போய்விட்டதால் ஒரு போர்டைக்கூட முழுதாகப் படிக்க முடியாது.

அப்படிப் படித்துவிட்டுத்தான் மாஸ்கோவில் பசியோடு நடந்தேன். தெருவுக்கு ஒரு 'பெக்டோபா' இருந்தது. ஏதோ கிளைகள் நிறைய உள்ள கடை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூன்றைத் தாண்டிப் போனேன். போர்டில் இருந்தது РЕСТОРАН. ரெஸ்தரான். இத்தனைக்கும் அதிலுள்ள எல்லா எழுத்தும் எனக்கு மனப்பாடம்.

இரண்டாவது வழி அட்டை. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் ஒலி. இப்போது செல்போன் செயலியே இதைச் செய்துவிடுகிறது. வரிசையைக் கலைத்துப் போடுவதால் அகரவரிசையைவிட மேல் என்பேன். வேகமும் உண்டு, ஒரு மாலையில் 33 அட்டையும் சரியாகச் சொல்ல வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அட்டையில் தனியாக Р வரும்போது மனம் உஷாராக இருக்கிறது. 'இது பி இல்லை, ர' என்று சொல்லிவிடும். அதே எழுத்து РОТ என்ற சொல்லுக்குள் வந்தால் கண் மூன்றெழுத்தையும் ஒரே வாயில் விழுங்கி 'பாட்' என்று ஆங்கிலத்தில் படித்துவிடும். ஆங்கிலத்தைச் சொல் சொல்லாகப் படித்துத்தானே நமக்குப் பழக்கம்! அந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டிய இடமும் சொல்தான், தனி எழுத்து இல்லை.

அதனால் மூன்றாவது வழி: எழுத்துகளை உருவத்தை வைத்துக் குடும்பம் பிரித்து, ஏமாற்றுகிறவற்றை முதலில் எடுத்து, முதல் மணி நேரத்திலிருந்தே சொற்களாகப் படிப்பது. அவளுக்கு இதைத்தான் சொன்னேன்.

எங்கே தொடங்குவது என்பதற்கு ஒரு அழகான அளவுகோல் ரஷ்யாவிலேயே இருக்கிறது, கார் நம்பர் பிளேட். வெளிநாட்டிலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக, அதில் லத்தீன் எழுத்துப் போலவே தோன்றும் 12 எழுத்துகளை மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள்: А, В, Е, К, М, Н, О, Р, С, Т, У, Х. இதில் А, К, М, О, Т ஐந்தும் பார்த்தபடியே இருக்கும் நல்லவை. மிச்சம் ஏழும் வேஷதாரிகள். В என்பது வ. Н என்பது ந. Р என்பது ர. С எப்போதும் ஸ, க ஆகவே ஆகாது. У என்பது உ. Х என்பது தொண்டையிலிருந்து வரும் ஹ. Е என்பது யெ.

இவை ஏன் ஏமாற்றுகின்றன என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். லத்தீன் எழுத்துக்கும் சிரிலிக்குக்கும் மூலம் கிரேக்கம்தான். ஒரே தாத்தா சொத்தை இரண்டு பேரன்கள் வேறு வேறு காலத்தில் பிரித்து வாங்கியது போல. சிரிலிக் பல்கேரியாவில் உருவான 9, 10ஆம் நூற்றாண்டு வாக்கில் கிரேக்கர்களே பீட்டா எழுத்தை 'வ' என்றுதான் உச்சரித்தார்கள், அதனால் В 'வ' ஆனது. 'ப' ஒலிக்கு Б என்று தனியாக ஒன்று வேண்டியிருந்தது. Р கிரேக்கத்தின் ரோ. С பிறை வடிவ சிக்மா. Н கதை இன்னும் வேடிக்கை: பழைய சுவடிகளில் 'ந' எழுத்தின் நடுக்கோடு சாய்வாக, ஆங்கில 'என்' போலவே இருந்தது. 'இ' எழுத்தின் கோடுதான் படுத்திருந்தது. நாளடைவில் இரண்டு கோடுகளும் திரும்பிக்கொண்டன. சாய்ந்தது படுத்து Н ஆயிற்று, படுத்தது சாய்ந்து И ஆயிற்று. போதாக்குறைக்கு ரஷ்ய மன்னர் மகா பீட்டர் 1708இல் கொண்டுவந்த புது அச்செழுத்து, இந்த உருவங்களை மேற்கத்திய அச்சுக்கு இன்னும் நெருக்கமாக்கிவிட்டது.

சரி, சனிக்கிழமை காலைக்கு வருவோம். அவள் மருத்துவம் படிக்கப் போகிறவள் என்பதால் உடம்பிலிருந்தே சொல் எடுத்தேன். நம்பர் பிளேட்டின் 12 எழுத்திலேயே எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். РОТ, வாய். НОС, மூக்கு. УХО, காது. РУКА, கை. அப்புறம் ВЕНА, НЕРВ, АОРТА. இந்த மூன்றுக்கும் பொருள் சொல்ல வேண்டியதே இல்லை, படித்ததும் அவளே சிரித்துவிட்டாள். பிறகு ஊருக்குள் இறங்கினோம்: МЕТРО, ТЕАТР, КАССА, НОМЕР, МОСКВА, РЕСТОРАН. САХАР என்றால் சர்க்கரை. கிரேக்கம் வழியாகப் போனாலும் நம் சர்க்கரைக்கும் அதற்கும் மூலச்சொல் ஒன்றுதான். СССР என்று விண்வெளி வீரர் ககாரினின் தலைக்கவசத்தில் எழுதியிருக்குமே, அதை 'சிசிசிபி' என்று படிக்காதவர் நம் ஊரில் குறைவு. அது எஸ்.எஸ்.எஸ்.ஆர்., சோவியத் ஒன்றியத்தின் ரஷ்யச் சுருக்கம்.

இப்படிப் பொருள் தெரிந்த சொல்லாக எடுப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. தப்பாகப் படித்தால் உடனே காது சொல்லிவிடும். НЕРВ என்பதை 'ஹெப்ப்' என்று படித்தால் அப்படி ஒரு வார்த்தை இல்லை என்று தெரியும், திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளலாம். அட்டையில் இந்தத் தானியங்கித் திருத்தம் கிடையாது.

இங்கே இன்னொரு தேர்வு வருகிறது. எழுத்துக்குப் பக்கத்தில் ஒலியை ஆங்கிலத்தில் குறித்துக்கொள்வதா, தமிழிலா? அவள் நோட்டில் ஆங்கிலத்தில்தான் எழுதிவைத்திருந்தாள். முதல் 12க்குத் தமிழே மேல் என்று சொல்லி மாற்றச் சொன்னேன். Р-க்குப் பக்கத்தில் ஆங்கில 'ஆர்' எழுதினால் இரண்டு லத்தீன் உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை போடும்; 'ர' என்று எழுதினால் அந்தச் சண்டையே இல்லை. ஒலியும் தமிழில்தான் நெருக்கம். ரஷ்ய Т பல்லில் நாக்கு படும் த, ஆங்கில 'டி' அல்ல. Р நாக்கு துடிக்கும் நம் ர. Е விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள்: 'எல்லாம்' என்று எழுதி 'யெல்லாம்' என்று பேசுகிறவர்களுக்கு அந்த யகரத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அதே பழக்கம் Э வரும்போது உதைக்கும். Э என்றால் வெறும் எ. ЭТАЖ, மாடி, என்பதை 'யெ' போட்டு ஆரம்பித்தால் தப்பு.

பிற்பகலில் தமிழ்க் குறிப்பு கைவிட்டுவிட்டது. அடுத்த குடும்பம் Г, Д, Л, П, Ф. கணக்குப் புத்தகத்தில் காமா, டெல்டா, லாம்டா, பை, ஃபை பார்த்தவர்களுக்கு அறிமுகமான முகங்கள், அரை மணி நேரம் போதும். ДОКТОР, АПТЕКА, ПАРК, СУП, ГОРОД என்று சொற்கள் வந்துவிடும். தொல்லை என்னவென்றால் Г-வுக்கும் К-வுக்கும் தமிழில் ஒரே க, Д-வுக்கும் Т-வுக்கும் ஒரே த, Б-வுக்கும் П-வுக்கும் ஒரே ப. ГОСТЬ என்றால் விருந்தாளி, КОСТЬ என்றால் எலும்பு. தமிழில் எழுதினால் இரண்டும் 'கோஸ்த்'. எலும்பு மருத்துவம் படிக்கப் போகிறவளுக்கு இது கொஞ்சம் முக்கியம். அதனால் இந்த மூன்று ஜோடிகளுக்கு மட்டும் தமிழ் எழுத்தின் கீழ் ஒரு கோடு போட்டு அழுத்தமில்லாத, தொண்டை அதிரும் ஒலி என்று குறிக்கச் சொன்னேன். 'தங்கம்' என்பதில் வரும் க அதிர்வது, 'பக்கம்' என்பதில் வருவது அதிராதது; அந்த வித்தியாசம் நம் வாயில் இருக்கிறது, எழுத்தில்தான் இல்லை.

ஆங்கிலக் குறிப்பில் தமிழனுக்கென்றே ஒரு குழி உண்டு. Ж என்ற எழுத்தை ஆங்கிலத்தில் 'இசட், ஹெச்' போட்டு எழுதுவது வழக்கம். நாம் ழகரத்துக்கும் அதையேதான் போடுகிறோம். அவள் சனிக்கிழமை இரவு தானாகவே முன்னால் போய், Ж-வுக்குப் பக்கத்தில் 'ழ' என்று சந்தோஷமாக எழுதிவைத்திருந்தாள். ரஷ்யனுக்கும் ழ இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியும் ஆயிற்று. இல்லை. அது ஷ-வை உதட்டில் வைத்துக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் வரும் ஒலி. ஆங்கிலத்தில் 'பிளெஷர்' என்ற சொல்லின் நடுவில் இருப்பது. பத்திரிகைகளில் பிரெஷ்னேவ் என்று படித்தோமே, அந்த 'ஷ்' இருக்கும் இடத்தில் இருப்பது Ж தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மீதி 16. கணக்கில் அதிகமாகத் தெரிந்தாலும் சனிக்கிழமைக் காலையைவிடச் சுலபம், ஏனென்றால் பெரும்பாலும் புது முகங்கள். பழைய பழக்கம் குறுக்கே வராது. Ш, Ч, Ц, Ю எல்லாம் ஒருமுறை சொன்னால் நிற்கும். ЧАЙ என்றால் 'சாய்', டீதான்; யாரும் சொல்லித்தராமலே படித்துவிட்டாள். БОРЩ என்ற பீட்ரூட் சூப்பில் வரும் Щ, இழுத்து மென்மையாகச் சொல்லும் ஷ. கவனம் தேவைப்படுவது திரும்பி நிற்கும் இரண்டிடம்: И என்பது இ, Я என்பது யா. கண்ணாடியில் தெரியும் ஆங்கில எழுத்துகள் என்று மூளை முடிவு கட்டுவதற்கு முன் இரண்டையும் சொற்களில் போட்டுப் பழக வேண்டும். அப்புறம் Ь. சின்ன ஆங்கில 'பி' போலவே இருக்கும், ஆனால் தனக்கென்று ஒலியே கிடையாது. முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்குவதோடு அதன் வேலை முடிந்தது. КОСТЬ என்பதில் கடைசியில் ப் போட்டுப் படித்தால், இந்த வேஷதாரி உங்களைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

Ы பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பயமுறுத்துவார்கள். தமிழருக்கு அது பாதி வீட்டுச் சமாச்சாரம். 'காசு', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, குற்றியலுகரம், அதைக் கொஞ்சம் நாக்கை முன்னால் தள்ளி நீட்டினால் கிட்டத்தட்ட Ы. இந்த ஒரு எழுத்து தெரியாவிட்டால் என்ன ஆகும் என்றால், ВХОД உள்ளே போகும் வழி, ВЫХОД வெளியே போகும் வழி. மெட்ரோ நிலையத்தில் இதைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கும்.

ஞாயிறு மாலை சோதனை வைத்தேன். அதுவரை அவள் பார்க்காத இருபது சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மெதுவாகப் படிப்பது தவறில்லை. பார்க்க வேண்டியது எங்கே தயங்குகிறாள் என்பதை. Щ-வில் தயங்கினால் பரவாயில்லை, அது புதிது, நாலு நாளில் பழகும். Н-இலும் Р-இலும் தயங்காமல் தப்பாகப் படித்தால்தான் சனிக்கிழமைப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் தப்பு செய்வது அவளுக்கே தெரியவில்லை. கடைசிச் சொற்றொடராக மாஸ்கோ மெட்ரோவின் கதவில் இருப்பதை எழுதிக்கொடுத்தேன்: НЕ ПРИСЛОНЯТЬСЯ. சாயாதீர்கள் என்று அர்த்தம். பாதி நிமிடம் ஆயிற்று, ஆனால் ஒரு எழுத்தும் தவறவில்லை.

எழுத்துப்படி தவறவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் வாரக்கடைசியின் எல்லை அதுதான். எழுதியபடியே ரஷ்யர்கள் பேசுவதில்லை. அழுத்தம் விழாத О, அ போல ஆகிவிடும். МОСКВА என்று எழுதி 'மஸ்க்வா' என்பார்கள். ВХОД என்பதன் முதலெழுத்து பேச்சில் 'ஃப' ஆகிவிடும். எந்த அசையில் அழுத்தம் என்று அச்சில் குறிப்பதும் இல்லை. Ё-வின் மேலுள்ள இரண்டு புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு புள்ளி போனதால்தான் 'கர்பச்சோஃப்' நமக்குக் கோர்பச்சேவ் ஆனார். இதையெல்லாம் இரண்டு நாளில் சேர்த்துத் திணித்தால் எழுத்தும் நிற்காது. அங்கே போய்க் காதால் கேட்டுக் கற்கட்டும்.

சரி, அப்போது அகரவரிசைக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு, அகராதி புரட்டும்போது. எழுத்து கைவந்த பிறகு அதை ஒரு மாலையில் பாட்டாகக் கேட்டுக்கொள்ளலாம். அட்டைகளும் விமான நிலையத்தில் காத்திருக்கும்போது நினைவைத் தட்டிப்பார்க்க நல்லவை. மூன்று நாள் சுற்றுலாவாக மட்டும் போகிறவர் என்றால் சனிக்கிழமையின் 17 எழுத்தோடு Ы, И இரண்டையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடலாம். மீதியை மெட்ரோ வரைபடமே கற்றுத்தந்துவிடும்.

கையெழுத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ரஷ்யக் கையெழுத்து கிட்டத்தட்ட இன்னொரு எழுத்து முறை. சாய்வாக அச்சிட்ட வரிகளிலும் பெரும்பாலும் அதே உருவங்கள்தான்: т மூன்று கால் வைத்து ஆங்கில 'எம்' போல ஆகிவிடும், д வால் வைத்து 'ஜி' போல, п 'என்' போல, и 'யு' போல. சனிக்கிழமை விரட்டிய வேஷதாரிகளே புது உடுப்பில் திரும்பி வருவது மாதிரி. இரண்டையும் ஒரே வாரக்கடைசியில் கலந்தால் இரண்டும் குழம்பும். ஆனால் மாணவர்களுக்கு அது தேவைதான், அடுத்த சனிக்கிழமைக்கு.

அவள் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் விடுதிக் கதவில் யாரோ பேனாவால் எழுதி ஒட்டிய தாளைப் படமெடுத்து அனுப்பினாள். "போர்டெல்லாம் படிச்சிடறேன் மாமா. இதுல கடைசி வார்த்தை மட்டும்தான் பிடிபடுது, 'ந்யெம்'னு இருக்கு. அப்படின்னா என்ன?"

மூன்று கால் வைத்த т. அது НЕТ, இல்லை என்று அர்த்தம். முழு வரியும் горячей воды нет. குளிக்க வெந்நீர் இல்லை என்று சொன்னேன்.